குழந்தையின் எம்.சி.யு. படத்தில் ரிஃப்ளக்ஸ் கிரேடு பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிப்போர்ட்டில் 'இடது பக்கம் வி.யு.ஆர். கிரேடு 4' என்று போட்டிருக்கிறது. இந்த 4 எங்கிருந்து வருகிறது?

படத்திலிருந்து மட்டும்தான். எத்தனை தடவை காய்ச்சல் வந்தது, யூரின் கல்ச்சரில் என்ன கிருமி வளர்ந்தது, கிரியாட்டினின் எவ்வளவு என்பதெல்லாம் சிகிச்சைக்கு முக்கியம். ஆனால் இந்த எண்ணில் அவை எதுவும் சேராது.

எம்.சி.யு. என்று நம் ஊரிலும், வி.சி.யு.ஜி. என்று அமெரிக்காவிலும் சொல்வது ஒரே பரிசோதனையைத்தான். மெல்லிய கத்தீட்டர் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் கான்ட்ராஸ்ட் மருந்தை விட்டு, பை நிரம்பும்போதும் குழந்தை ஒன்றுக்குப் போகும்போதும் எக்ஸ்ரேயில் பார்க்கிறோம். சிறுநீரகத்திலிருந்து சிறுநீரைக் கீழே கொண்டுவரும் குழாயான யூரேட்டர் சிறுநீர்ப்பையின் சுவருக்குள் சாய்வாக நுழைவதால், பை நிரம்ப நிரம்ப அந்த வழி அழுந்தி மூடிக்கொள்ளும். அதனால் மருந்து மேலே ஏறக்கூடாது. ஏறினால் அதுதான் ரிஃப்ளக்ஸ், ரிப்போர்ட்டில் வி.யு.ஆர். என்று போட்டிருப்பது.

எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அவ்வளவு பெரிய கிரேடு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிரேடு 1-ஐயும் 2-ஐயும் பிரிக்க மட்டுமே அது சரி. 2-லிருந்து 5 வரை எல்லாவற்றிலும் மருந்து சிறுநீரகம் வரை போய்விட்டது. அதற்கு மேல் கிரேடைத் தீர்மானிப்பது, போன இடத்தை அது எவ்வளவு விரித்துவிட்டது என்பதே. அந்த விரிவை முதலில் காட்டிக்கொடுப்பது, சிறுநீரகத்துக்குள் சிறுநீர் வந்து விழும் சின்னக் கிண்ணங்களான கேலிக்ஸ்களின் ஓரம். இந்தப் பக்கம் முழுக்க அந்த ஓரத்தைச் சுற்றித்தான் போகும்.

இன்று எல்லோரும் பயன்படுத்தும் ஐந்து படிகளை இன்டர்நேஷனல் ரிஃப்ளக்ஸ் ஸ்டடி கமிட்டி 1981-ல் வெளியிட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மருந்தையும் அறுவை சிகிச்சையையும் ஒப்பிட்டு நடந்த பெரிய ஆய்வுக்காக வகுத்தது அது. அதற்கு முன்பு வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு எண்முறைகள் புழக்கத்தில் இருந்தன. ஒருவர் சொல்லும் 3 இன்னொருவருக்கு வேறொன்றாக இருந்தது.

படத்தைப் பார்த்தால் ஒன்றுமே புரியவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் இடது, வலது. குழந்தை உங்களைப் பார்த்துப் படுத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் இடது பக்கம் உங்கள் வலது கைப்பக்கம் வரும். படத்தின் ஓரத்தில் L அல்லது R என்று ஒரு குறி இருக்கும். நம்ப வேண்டியது அதைத்தான். அந்தக் குறி விடுபட்டிருந்தால் கல்லீரலின் நிழல் எந்தப் பக்கம், இரைப்பைக் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

அடுத்து, மருந்து வெள்ளையா கறுப்பா என்று கவனியுங்கள். சில மெஷின்கள் ஃபுளூரோஸ்கோப்பி படங்களை எலும்பும் மருந்தும் கறுப்பாகத் தெரியும்படி சேமிக்கும். இரண்டும் ஒன்றுதான்.

அப்புறம் கீழிருந்து மேலே போங்கள். இடுப்பெலும்புக்கு நடுவில் உருண்டையாக இருப்பது சிறுநீர்ப்பை. அதிலிருந்து முதுகெலும்பின் பக்கவாட்டில் மேலே ஓடும் கோடு யூரேட்டர். அது விரியும் இடம் ரீனல் பெல்விஸ். அதிலிருந்து கிளைகளாகப் பிரிந்து முடியும் சின்னச் சின்னக் கிண்ணங்கள்தான் கேலிக்ஸ்கள்.

எந்தப் படத்திலும் மேலே ஏறும் கோடு இல்லையென்றால் ரிஃப்ளக்ஸ் இல்லை. ஆனால் சிறுநீரகங்கள் இருக்கும் இடம் வரை படம் எடுத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீர்ப்பையை மட்டும் பிடித்த படத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

ஐந்து கிரேடையும் எளிமையாகச் சொல்ல முடியுமா?

கேலிக்ஸின் வடிவம் பிடிபட்டால் மற்றது தானாக வரும். சப்பாத்தி மாவு உருண்டை ஒன்றில் பெருவிரலை அழுத்தி எடுங்கள். நடுவில் குழி, அதைச் சுற்றிக் கூரான விளிம்பு. படத்தில் தெரியும் மருந்து அந்த மாவு. விரல் என்பது சிறுநீரகத் திசுவின் முனையான பாப்பில்லா. விளிம்பின் கூர்மையான மூலைக்கு ஃபார்னிக்ஸ் என்று பெயர். விரல் பதிந்த குழிதான் பாப்பில்லாவின் பதிவு.

கிரேடு 1-ல் மருந்து யூரேட்டருக்குள் மட்டும் போகும், ரீனல் பெல்விஸை எட்டாது. கிரேடு 2-ல் கேலிக்ஸ் வரை போகும், ஆனால் எதுவும் விரிந்திருக்காது. மூலைகள் எல்லாம் கூராக, பாடப்புத்தகப் படம் போல இருக்கும்.

கிரேடு 3-ல் யூரேட்டரும் பெல்விஸும் லேசாகவோ மிதமாகவோ விரிந்திருக்கும். யூரேட்டர் கொஞ்சம் வளைந்தும் இருக்கலாம். மூலைகள் கூராகவே இருக்கும், அல்லது சற்றே மழுங்கியிருக்கும்.

கிரேடு 4-ல் விரிவு மிதமானது, ஆனால் அந்தக் கூர்மையான மூலை முழுதாகப் போய்விட்டது. விளிம்பு உருண்டுவிட்டது. விரல் பதிந்த குழி மட்டும் பெரும்பாலான கேலிக்ஸ்களில் இன்னும் தெரியும்.

கிரேடு 5-ல் அந்தக் குழியும் பெரும்பாலானவற்றில் இல்லை. உள்நோக்கிக் குழிந்திருக்க வேண்டிய இடம் வெளிநோக்கி உப்பிப் பந்துபோல ஆகிவிடும். யூரேட்டர் மிகவும் விரிந்து, குடல் மாதிரி மடிந்து மடிந்து ஓடும்.

ஆக, 3-க்கும் 4-க்கும் நடுவே நிற்பது மூலை, 4-க்கும் 5-க்கும் நடுவே நிற்பது குழி.

யூரேட்டர் வளைந்திருந்தாலே கிரேடு 4 என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். சரிதானா?

இல்லை. வளைவு கிரேடு 3-லும் வரலாம் என்று வகைப்பாட்டிலேயே இருக்கிறது. ஆனால் இந்தத் தவறு ஏன் இவ்வளவு பரவியிருக்கிறது என்பது புரிகிறது. படத்தைக் கையில் எடுத்தவுடன் கண் போய் நிற்பது யூரேட்டரில்தான். அது நீளமாக, தெளிவாக, பின்னால் குடல் காற்று இருந்தாலும் தெரியும்படி இருக்கும். கேலிக்ஸோ சின்னது, குடல் நிழலோடு குழம்பும், பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

அது மட்டுமில்லை, யூரேட்டரின் அகலம் நொடிக்கு நொடி மாறும். அது சுருங்கிச் சுருங்கி விரியும் தசைக்குழாய். ஒரு படத்தில் தடித்துத் தெரிந்த இடம், இரண்டு நொடி கழித்து எடுத்த படத்தில் நூல்போல இருக்கும். மருந்து பாட்டிலை உயரத் தூக்கி வேகமாக விட்டால் இன்னும் தடிக்கும். இதை வைத்து 3, 4 என்று பிரிப்பது எனக்கு நம்பிக்கை தருவதில்லை.

சில குழந்தைகளில் உண்மையிலேயே இரண்டும் ஒத்துப்போகாது. யூரேட்டர் நன்றாக விரிந்து சுருண்டிருக்கும், கேலிக்ஸ் மூலைகளோ கூராக இருக்கும். அப்படிப்பட்ட படத்துக்கு ஓர் எண்ணை மட்டும் எழுதினால் பாதி விஷயம் போய்விடும். 'கேலிக்ஸை வைத்துப் பார்த்தால் 3, ஆனால் கீழ் யூரேட்டர் மிகவும் விரிந்திருக்கிறது' என்று இரண்டையும் எழுதுவதுதான் நேர்மை. அறுவை சிகிச்சை செய்பவருக்கு அந்தக் கீழ் யூரேட்டரின் அகலம் தனியாகத் தேவைப்படும்.

3-ஆ 4-ஆ என்று குழப்பம் வரும் ஒரு படத்தை எடுத்துப் படிப்படியாகக் காட்ட முடியுமா?

இப்படி வைத்துக்கொள்வோம். மூன்று வயதுப் பெண் குழந்தை, காய்ச்சலோடு இரண்டாவது தடவை சிறுநீர்த் தொற்று. இந்த வயதுக்குச் சிறுநீர்ப்பை எவ்வளவு பிடிக்கும் என்பதை வயதோடு 2 கூட்டி 30-ஆல் பெருக்கிக் கணக்கிடுவோம்: ஐந்து முப்பது 150 மி.லி.

மருந்து விடுவதற்கு முன் எடுத்த வெறும் படத்தில் கல் இல்லை, முதுகெலும்பு சரியாக இருக்கிறது, மலக்குடல் நிறைய மலம். கடைசியாகச் சொன்னதைக் குறித்துக்கொள்ள வேண்டும்; மலச்சிக்கலும் சிறுநீரை அடக்கும் பழக்கமும் உள்ள குழந்தைகளில் ரிஃப்ளக்ஸ் சரியாவது தாமதமாகும்.

60 மி.லி. போனபோது இடது யூரேட்டரின் கீழ்ப்பகுதியில் மருந்து தெரிந்தது. 110-ல் இடது ரீனல் பெல்விஸ் நிரம்பியது. இந்தக் கட்டத்துப் படத்தில் கேலிக்ஸ்கள் எல்லாம் கூராக இருந்தன. இங்கேயே நிறுத்தியிருந்தால் கிரேடு 2 என்று போயிருக்கும். 150-ஐ நெருங்கியதும் குழந்தை ஒன்றுக்குப் போக ஆரம்பித்தாள். அப்போது எடுத்த படத்தில் இடது யூரேட்டர் தடித்து, இடுப்பெலும்பின் விளிம்பைத் தாண்டும் இடத்தில் ஒரு வளைவோடு தெரிந்தது. பெல்விஸ் மிதமாக விரிந்திருந்தது. வலது பக்கத்தில் கீழ் யூரேட்டரில் மட்டும் ஒரு கணம் மருந்து ஏறி இறங்கியது.

வலது பக்கம் கிரேடு 1. அதில் சிக்கல் இல்லை. இடது பக்கத்தை மேலோட்டமாகப் பார்ப்பவர் யூரேட்டரின் தடிப்பையும் வளைவையும் கண்டு 4 என்று எழுதிவிடுவார்.

இப்போது இடது சிறுநீரகத்தைப் பெரிதாக்கிக் கேலிக்ஸ்களை ஒவ்வொன்றாக எண்ணுவோம். ஏழு தெரிகின்றன. மேல்முனையில் உள்ள இரண்டின் மூலைகள் மழுங்கியிருக்கின்றன. நடுவில் மூன்று, இரண்டு கூர், ஒன்று லேசாக உருண்டிருக்கிறது. கீழே இரண்டும் கூர். விரல் பதிந்த குழி ஏழிலும் இருக்கிறது. குழி எல்லாவற்றிலும் இருப்பதால் 5 என்ற பேச்சே இல்லை. மேல்முனை இரண்டுக்கும் பெரிய எடை தர மாட்டேன், ஏனென்றால் மேல்முனையிலும் கீழ்முனையிலும் பல பாப்பில்லாக்கள் ஒன்றாகச் சேர்ந்த கூட்டுக் கேலிக்ஸ்கள் இருப்பது இயல்பு. அவை விரியாதபோதும் கொஞ்சம் தட்டையாகவே தெரியும். மீதி ஐந்தில் நான்கு கூர். கிரேடு 4 என்றால் மூலை 'முழுதாகப் போயிருக்க' வேண்டும், இங்கே போகவில்லை. இது கிரேடு 3.

ரிப்போர்ட்டில் நான் எழுதுவது: இடது கிரேடு 3, 60 மி.லி.யில் நிரம்பும்போதே ஆரம்பித்தது, ஒன்றுக்குப் போகும்போது உச்சம். வலது கிரேடு 1, ஒன்றுக்குப் போகும்போது மட்டும். பை முழுதாகக் காலியானது. மலக்குடலில் மலம் தேங்கியிருக்கிறது.

கேலிக்ஸ் வட்டமாகத் தெரிந்தால் மழுங்கிவிட்டது என்று அர்த்தமா?

எப்போதும் இல்லை. சில கேலிக்ஸ்கள் நம்மை நேராகப் பார்த்தபடி முன்பக்கமோ பின்பக்கமோ திரும்பியிருக்கும். கிண்ணத்தைப் பக்கவாட்டில் பார்க்காமல் வாய்ப்பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல அவை வட்டமாகத்தான் தெரியும். அந்த வட்டத்தில் மூலையைத் தேடவே கூடாது. குழந்தையைச் சற்றுச் சாய்த்து எடுத்த படம் இருந்தால் அதில் அதே கேலிக்ஸைப் பாருங்கள். இல்லையென்றால் பக்கவாட்டில் தெரியும் கேலிக்ஸ்களை மட்டும் கணக்கில் எடுங்கள்.

மருந்து ரொம்பக் கெட்டியாக இருந்தாலும் குழி மறைந்துபோகும், பாப்பில்லாவின் மேல் மருந்து போர்த்தியது மாதிரி ஆகிவிடும். கம்ப்யூட்டரில் பார்த்தால் வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் மாற்றிப் பாருங்கள்; காகிதத்தில் அச்சடித்ததை வைத்து 4-ஆ 5-ஆ என்று சண்டை போடுவதில் பயனில்லை. கதிர்வீச்சைக் குறைப்பதற்காக ஃபுளூரோஸ்கோப்பியில் கடைசியாக நின்ற காட்சியை அப்படியே சேமிப்பார்கள். நல்ல வழக்கம்தான், ஆனால் அந்தப் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கும், கூரான மூலைகூட மழுங்கித் தெரியும். கிரேடு எல்லையில் இருக்கிறது என்று தோன்றினால் அந்த நேரத்திலேயே ஒரே ஒரு தெளிவான எக்ஸ்போஷர் எடுத்துவிடுவது நல்லது.

பத்துப் பன்னிரண்டு படம் கொடுத்திருக்கிறார்கள். கிரேடு எந்தப் படத்துக்கு?

எதில் அதிகமோ அதற்கு. பரிசோதனை நேரம் முழுவதிலும் ஒரு கணம் தெரிந்தாலும் அதுதான் அந்தப் பக்கத்தின் கிரேடு. பெரும்பாலும் அது குழந்தை ஒன்றுக்குப் போகும்போதோ போய் முடித்த உடனேயோ கிடைக்கும். சிறுநீர்ப்பை சுருங்கும்போதுதான் உள்ளே அழுத்தம் உச்சம்.

குழந்தை அழுதுகொண்டே இருந்தான், கடைசிவரை ஒன்றுக்குப் போகவில்லை. 'ரிஃப்ளக்ஸ் இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள். நம்பலாமா?

முழுதாக நம்ப முடியாது. ஒன்றுக்குப் போகும்போது மட்டும் தெரியும் ரிஃப்ளக்ஸ் நிறைய உண்டு. அந்தக் கட்டமே நடக்காத பரிசோதனையில் 'நிரம்பும்போது ரிஃப்ளக்ஸ் இல்லை, ஒன்றுக்குப் போகும் கட்டம் கிடைக்கவில்லை' என்றுதான் எழுத வேண்டும். கிரேடு போட்டிருந்தாலும், 'குறைந்தது இவ்வளவு' என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மி.லி. விட்டார்கள் என்பதையும் ரிப்போர்ட்டில் தேடுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு எடையை 7-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய கிடைக்கும். 6 கிலோ குழந்தைக்கு 42 மி.லி. அதே குழந்தைக்கு 15 மி.லி. மட்டும் விட்டுப் படம் எடுத்திருந்தால் அது அரைகுறைப் பரிசோதனை. கைக்குழந்தைகள் கத்தீட்டரைச் சுற்றியே சிறுநீர் போய்விடுவார்கள். அதனால் குழாயை எடுக்காமல் இரண்டு மூன்று சுற்று நிரப்பிப் பார்ப்பது வழக்கம். முதல் சுற்றில் ஒன்றுமில்லாமல் இரண்டாம் சுற்றில் ரிஃப்ளக்ஸ் தெரிவது அபூர்வமில்லை.

பலூன் உள்ள கத்தீட்டர் இதற்கு வேண்டாம். பலூன் யூரேட்டர் வாயை அடைக்கலாம், யூரேட்டரின் கீழ்முனை சிறுநீர்ப்பைக்குள் உப்பி நிற்கும் யூரேட்டரோசீல் மாதிரி படத்தில் ஏமாற்றலாம். சாதாரண இன்ஃபன்ட் ஃபீடிங் டியூப் போதும்.

ஸ்கேனில் 'ஹைட்ரோநெப்ரோசிஸ் கிரேடு 2' என்றார்கள், எம்.சி.யு.வில் 'கிரேடு 4' என்கிறார்கள். அதிகமாகிவிட்டதா?

இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள், ஒப்பிடவே கூடாது. அல்ட்ராசவுண்டில் சொல்வது ஹைட்ரோநெப்ரோசிஸ் கிரேடு. அதாவது சாதாரணமாகப் படுத்திருக்கும்போது சிறுநீரகத்துக்குள் எவ்வளவு நீர் தேங்கி விரிந்திருக்கிறது என்பது. எம்.சி.யு. கிரேடு ரிஃப்ளக்ஸ் உச்சத்தில் இருக்கும் கணத்தைக் காட்டுகிறது. அல்ட்ராசவுண்ட் முழுக்க நார்மலாக இருந்து எம்.சி.யு.வில் கிரேடு 3 வருவதுகூட உண்டு.

மேலே ஏறிய மருந்து மங்கலாகத் தெரிகிறது. படம் சரியில்லையா?

படத்தில் குறை இல்லாமலும் இருக்கலாம். சிறுநீரகத்தில் ஏற்கெனவே நிறையச் சிறுநீர் தேங்கியிருந்தால் ஏறிய மருந்து அதில் கரைந்து நீர்த்துப்போகும். சிறுநீர்ப்பையிலும் யூரேட்டரிலும் பளிச்சென்றும் ரீனல் பெல்விஸில் மட்டும் புகைமாதிரியும் தெரிந்தால், பெல்விஸும் யூரேட்டரும் சேரும் இடத்தில் அடைப்பும் கூடவே இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

இதைச் சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு. குழந்தை ஒன்றுக்குப் போய் முடித்தபின் பதினைந்து நிமிடம் கழித்து இன்னொரு படம். ரிஃப்ளக்ஸ் மட்டும் என்றால் மேலே போன மருந்து பெரும்பாலும் இறங்கியிருக்கும். சிறுநீர்ப்பை காலியாக இருந்தும் பெல்விஸில் மருந்து அப்படியே நின்றால் அடைப்புக்குத் தனியாக நியூக்ளியர் ரீனோகிராம் பார்ப்பார்கள். இந்தக் குழந்தைகளில் கேலிக்ஸ் உப்பியிருப்பதற்கு அடைப்பும் காரணமாக இருக்கலாம் என்பதால் ரிஃப்ளக்ஸ் கிரேடு கூடுதலாக விழும். கிரேடைப் போட்டுவிட்டு அந்தச் சந்தேகத்தையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

கேலிக்ஸ்கள் எண்ணிக்கையில் குறைவாக, கீழே தொங்குவதுபோல் இருக்கின்றன. இது என்ன?

ஒரே சிறுநீரகத்துக்கு இரண்டு யூரேட்டர் இருக்கும் இரட்டை அமைப்பாக இருக்கலாம். அதில் வழக்கமாகக் கீழ்ப்பாதிக்குத்தான் ரிஃப்ளக்ஸ் ஆகும். மேல்பாதியின் யூரேட்டர்தான் அடைபட்டு, சிலநேரம் சிறுநீர்ப்பைக்குள் யூரேட்டரோசீலாக முடியும். மருந்து போகாத மேல்பாதி வீங்கிக் கீழ்ப்பாதியைக் கீழும் வெளியேயும் தள்ளுவதால் கேலிக்ஸ்கள் வாடிய பூப்போலத் தொங்கும். ரேடியாலஜியில் இதற்குப் பெயரே தொங்கும் லில்லி.

கிரேடு அந்தக் கீழ்ப்பாதிக்கு மட்டும் போட்டு, 'இரட்டை அமைப்பு, கீழ்ப்பாதி' என்று சொல்ல வேண்டும். யூரேட்டரோசீலைப் பார்க்க வேண்டுமானால் சிறுநீர்ப்பை கொஞ்சமாக நிரம்பியிருக்கும்போது எடுத்த ஆரம்பப் படத்தைப் பாருங்கள். பை நிறைந்துவிட்டால் அது அமுங்கி மறைந்துவிடும்.

பையனுக்கு எடுத்த படத்தில் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

கிரேடைப் பார்ப்பதற்கு முன்னால், சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் வெளியே வரும் குழாயான யூரித்ராவைப் பாருங்கள். பக்கவாட்டில் திருப்பி, ஒன்றுக்குப் போகும்போது எடுத்த படம் ஒன்றாவது இருக்க வேண்டும். யூரித்ராவின் பின்பகுதி நீண்டு அகன்று, அதற்குக் கீழே திடீரென்று ஒடுங்கினால் பின்புற யூரித்ரா வால்வு என்ற பிறவி அடைப்பு. சிறுநீர்ப்பைச் சுவரும் மேடுபள்ளமாக இருக்கும். அங்கே ரிஃப்ளக்ஸ் அந்த அடைப்பின் விளைவு. அது 3-ஆ 5-ஆ என்பதைவிட அந்த வால்வை உடனே சரிசெய்வதுதான் அவசரம். யூரித்ரா தெரியாத பையன் படத்துக்கு ரிஃப்ளக்ஸ் கிரேடு மட்டும் எழுதி அனுப்புவதை நான் ஏற்க மாட்டேன்.

ஒரே படத்துக்கு ஒரு டாக்டர் 3, இன்னொருவர் 4 என்கிறார். யாரை நம்புவது?

1-லும் 5-லும் இந்தச் சண்டை அபூர்வம். நடுவில், அதிலும் 3-க்கும் 4-க்கும் இடையே, அனுபவமுள்ளவர்களுக்குள்ளேயே கருத்து மாறும். காரணம் வகைப்பாட்டிலேயே இருக்கிறது: 'லேசாக', 'மிதமாக' என்ற சொற்களுக்கு அதில் மில்லிமீட்டர் கிடையாது. யார் சரி என்று கேட்பதைவிட, எந்தப் படத்தில் எந்தக் கேலிக்ஸைப் பார்த்து அந்த எண்ணைச் சொன்னார்கள் என்று இரண்டு பேரிடமும் கேளுங்கள். ஒருவர் யூரேட்டரைக் காட்டுவார், மற்றவர் கேலிக்ஸைக் காட்டுவார். பெரும்பாலும் அங்கேயே விடை தெரிந்துவிடும்.

இதற்கு மாற்றாக ஒரு அளவும் இருக்கிறது. இடுப்புப் பகுதியில் யூரேட்டர் எங்கே மிக அகலமோ அங்கே அளந்து, அதை முதுகெலும்பில் எல்-1 எலும்பின் கீழ்விளிம்பிலிருந்து எல்-3 எலும்பின் மேல்விளிம்பு வரையுள்ள தூரத்தால் வகுப்பார்கள். யூரேட்டர் 8 மி.மீ., எலும்புத் தூரம் 32 மி.மீ. என்றால் விகிதம் 0.25. இரண்டையும் ஒரே படத்தில் அளப்பதால் குழந்தையின் உயரமோ படம் எவ்வளவு பெரிதாக்கப்பட்டது என்பதோ குறுக்கே வராது. விகிதம் கூடக் கூட ரிஃப்ளக்ஸ் தானாகச் சரியாகும் வாய்ப்பு குறைகிறது. ஆனாலும் இது கிரேடுக்குப் பதில் அல்ல; யூரேட்டரின் அகலம் நொடிக்கு நொடி மாறும் என்று மேலே சொன்ன சிக்கல் இதற்கும் உண்டு.

கிரேடைத் தவிர ரிப்போர்ட்டில் எதைத் தேட வேண்டும்?

ரிஃப்ளக்ஸ் எப்போது ஆரம்பித்தது என்பதை. பை பாதிகூட நிரம்பாதபோதே ஏறுவதும், கடைசியில் ஒன்றுக்குப் போகும்போது மட்டும் ஏறுவதும் ஒரே கிரேடாக இருந்தாலும் ஒன்றல்ல. முந்தையது தானாகச் சரியாகும் வாய்ப்பு குறைவு. மேலே சொன்ன குழந்தையில் 150-க்கு 60-லேயே ஆரம்பித்ததை எழுதச் சொன்னது இதனால்தான்.

இன்னொன்று, மருந்து கேலிக்ஸையும் தாண்டி சிறுநீரகத் திசுவுக்குள் விசிறிபோலப் பரவியிருக்கிறதா என்பது. ஐந்து படிகளில் இதற்கு இடமில்லை, தனியாகத்தான் எழுத வேண்டும். பெரும்பாலும் மேல்முனையிலும் கீழ்முனையிலும் தெரியும். தொற்றுள்ள சிறுநீர் அப்படித் திசுவுக்குள் போனால் தழும்பு விழும் அபாயம் கூடும்.

கிரேடு 4 என்றால் கிட்னி கெட்டுவிட்டது என்று அர்த்தமா? ஆபரேஷன் கட்டாயமா?

இரண்டுமே இல்லை. சிறுநீரகத்தில் தழும்பு இருக்கிறதா என்பது இந்தப் படத்தில் தெரியாது, அதற்கு டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன். கிரேடு 1, 2 பெரும்பாலான குழந்தைகளில் வளர வளர மறைந்துவிடும். 3-லும் கணிசமானவர்களுக்குத் தானாகச் சரியாகும். 4, 5-ல் அந்த வாய்ப்பு குறைவு, ஆனால் கைக்குழந்தைகளில் இவைகூடக் குறைவதைப் பார்க்கிறோம். ஆபரேஷன் முடிவு வயது, திரும்பத் திரும்ப வரும் தொற்று, தழும்பு, சிறுநீர்ப்பையின் பழக்கம் எல்லாம் சேர்ந்து எடுக்க வேண்டியது. உங்கள் டாக்டரிடம் படத்தையே எடுத்துக்கொண்டு போங்கள், ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் அல்ல.

போன வருடம் எம்.சி.யு.வில் கிரேடு 3. இப்போது நியூக்ளியர் சிஸ்டோகிராமில் 'மாடரேட்' என்கிறார்கள். குறைந்ததா, கூடியதா?

அப்படிக் கணக்குப் போட முடியாது. நியூக்ளியர் சிஸ்டோகிராமில் கேலிக்ஸின் மூலையும் குழியும் தெரியாது. ஆகவே அங்கே மைல்ட், மாடரேட், சிவியர் என்று மூன்றே படிகள். மாடரேட் என்பது தோராயமாக எம்.சி.யு.வின் 2, 3 இரண்டையும் சேர்த்த இடம். கதிர்வீச்சு குறைவு, நீண்ட நேரம் பார்க்கலாம் என்பதால் ரிஃப்ளக்ஸ் இன்னும் இருக்கிறதா இல்லையா என்று தொடர்ந்து பார்ப்பதற்கு அது நல்ல பரிசோதனை. 3 என்பது 2 ஆகியிருக்கிறதா என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றால் எம்.சி.யு.தான் திரும்ப எடுக்க வேண்டும். அதனால் சிகிச்சை எதுவும் மாறப்போவதில்லை என்றால், குழந்தைக்கு இன்னொரு தடவை கத்தீட்டர் போட நான் சொல்ல மாட்டேன்.